வாங்க, வாப்பா, வாடா: பேச்சுத் தமிழின் சின்ன ஒட்டுகளைப் பழகுவது எப்படி?

தமிழ்க் குடும்பத்தில் பிறந்து மும்பையிலோ டெல்லியிலோ வளர்ந்தவர்கள் வேலைக்காகச் சென்னைக்கு வரும்போது ஒரு சிக்கலில் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் புரியும், பேசவும் வரும். ஆனால் அவர்கள் தமிழைக் கேட்டு வளர்ந்தது பெரும்பாலும் அம்மா அப்பாவிடம்தான். பெற்றோர் பிள்ளையிடம் பேசும்போது "வாடா", "சாப்பிடும்மா", "இங்க பாருப்பா" என்றுதான் பேசுவார்கள். பிள்ளையும் அதையே தமிழ் என்று பிடித்துக்கொள்கிறது. அப்படி வளர்ந்த ஒருவர் சென்னைக்கு வந்து, பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் "நீ எங்க போற?" என்று கேட்டுவிடுகிறார். அவர் மனதில் துளிகூட மரியாதைக் குறைவு இல்லை. ஆனாலும் பெரியவரின் முகம் மாறிவிடுகிறது.

சொல்லின் கடைசியில் வந்து சேரும் டா, டி, பா, மா, ல என்ற ஒட்டுகள் எல்லாம் ஒரே ஒரு அசைதான். அதை எடுத்துவிட்டால் வாக்கியத்தின் செய்தி மாறாது. மாறுவது பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவில் உள்ள உறவு. 'ல' மட்டும் வேறு வேலை செய்கிறது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இங்கே நான் சொல்வது பெரும்பாலும் சென்னைப் பக்கத்துப் பேச்சு. மற்ற ஊர்களில் என்ன மாறும் என்பதைக் கடைசிப் பக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் வினைச்சொல்லைக் கவனியுங்கள்

ஒட்டைப் பற்றி யோசிக்கும் முன் எதிரில் இருப்பவர் 'நீ'யா 'நீங்க'ளா என்று முடிவு செய்யுங்கள். தமிழில் இந்த முடிவை எடுக்காமல் ஒருவரைக் கூப்பிடவே முடியாது. 'வா' அல்லது 'வாங்க' என்று ஏதாவது ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

புதிதாக வந்தவருக்கு நான் தரும் ஒரே உறுதியான விதி இதுதான்: சின்னக் குழந்தையைத் தவிர எல்லோரிடமும் 'ங்க' போட்டுத் தொடங்குங்கள். "வாங்க", "சொல்லுங்க", "எவ்வளவுங்க?", "ஆமாங்க", "இல்லங்க". வினைச்சொல்லில் மட்டுமல்ல, 'ஆமா', 'இல்ல', 'சரி', 'என்ன' என்ற சொற்களோடும் இது ஒட்டும் என்பதைக் கவனியுங்கள். வெறும் "என்ன?" என்பது முறைப்பது போலக் கேட்கும். "என்னங்க?" என்றால் வழி கேட்பது போல இருக்கும். உங்களைவிட வயதில் சிறியவரிடம் 'ங்க' போட்டால் அவர் கொஞ்சம் கூச்சப்படுவார், "என்னை வா போன்னே கூப்பிடுங்க" என்பார். அது நல்ல இடம். அதே நேரத்தில் 'ங்க' போட வேண்டிய இடத்தில் விட்டுவிட்டால் யாரும் உங்களிடம் எடுத்துச் சொல்ல மாட்டார்கள், மனதில் வைத்துக்கொள்வார்கள்.

பெயர் தெரியாதவர்களிடம் இதோடு ஓர் உறவுச் சொல்லையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஆட்டோ ஓட்டுநரிடம் "அண்ணா, அடையாறு வருவீங்களா?", பூக்கடையில் "அக்கா, முழம் எவ்வளவுங்க?". இந்த இரண்டு சொற்களும் 'ங்க'வும் இருந்தால், வேறு எந்த ஒட்டும் இல்லாமலேயே பல மாதங்கள் ஒருவர் ஊரில் நன்றாகக் காலம் தள்ளலாம்.

பா: முதலில் பழக வேண்டிய ஒட்டு

'அப்பா' என்ற விளியின் சுருக்கம்தான் பா. சொல்லும்போது பெரும்பாலும் ப் இரட்டிக்கும்: வாப்பா, சொல்லுப்பா, சரிப்பா, விடுப்பா. 'ன்' என்று முடியும் சொல்லில் ஒட்டினால் அந்த ன் ம் ஆகிவிடும். "வரேன்பா" என்று எழுதினாலும் காதில் விழுவது "வரேம்பா".

முன்பு ஆண்களைக் கூப்பிடும் சொல்லாக இருந்தாலும் இன்று சென்னையில் பா இருபாலுக்கும் பொது. கல்லூரி விடுதியில் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் "என்னப்பா, கிளம்பலாமா?" என்று கேட்டுக்கொள்வார்கள். அதில் வியக்க எதுவும் இல்லை. சமவயதுக்காரர்களுக்கு நடுவில் பா மிகவும் மென்மையானது. "இல்ல, முடியாது" என்று சொன்னால் கதவைச் சாத்துவது போல இருக்கும். "இல்லப்பா, முடியாது" என்றால் மறுப்பு அப்படியே இருக்கும், ஆனால் 'உன்மேல் கோபம் இல்லை' என்ற சேதியும் கூடவே போய்விடும். வாட்ஸ்அப்பில் பலர் வெறும் "சரி" என்று அனுப்பத் தயங்குவதும் இதனால்தான். தனியாக நிற்கும் "சரி" சில நேரம் கோபமாகப் படிக்கப்படும், "சரிப்பா" அப்படிப் படிக்கப்படாது.

தொனி மாறினால் பாவும் மாறும். "போப்பா" என்று மெதுவாக இழுத்தால் 'நீ சொல்வதை நம்ப மாட்டேன்' என்று பொருள். வெடுக்கென்று சொன்னால் 'இங்கிருந்து நகர்' என்று பொருள். "என்னப்பா இது!" என்பதில் குறை இருக்கிறது, ஆனால் சண்டை இல்லை. "ப்ளீஸ்பா..." என்று நீட்டினால் கெஞ்சல்.

பா எங்கே தவறும்? வயதில் மூத்தவரிடம் தவறும். பெரியவர் ஒருவர் இளைஞரான நடத்துநரிடம் "நிறுத்துப்பா" என்று சொன்னால் அதில் ஒரு வாஞ்சை இருக்கிறது. இருபத்தைந்து வயதுக்காரர் ஐம்பது வயது ஆட்டோ ஓட்டுநரிடம் "எவ்வளவுப்பா?" என்றால், பணம் கொடுக்கிறேன் என்பதற்காக வயதை மறந்துவிட்டார் என்றுதான் அது கேட்கும். இதைப் பலர் வழக்கமாகவே செய்கிறார்கள். காய்கறி வண்டிக்காரர், காவலாளி, வீட்டு வேலைக்கு வருபவர் என்று வந்ததும் 'ங்க' காணாமல் போய்விடுகிறது. அதைப் பார்த்து நீங்கள் பழக வேண்டாம். அவர்களும் அண்ணாவும் அக்காவும்தான்.

'ங்க'வுக்கும் பாவுக்கும் நடுவில் ஒரு படியும் உண்டு: "சொல்லுங்கப்பா". ஒருவரிடமே இதைச் சொல்லலாம். 'உங்களிடம் மரியாதையும் உண்டு, கொஞ்சம் நெருங்கியும் விட்டோம்' என்ற நிலை அது. அலுவலகத்தில் சமநிலையில் உள்ளவர்கள் இப்படிப் பேசுவதை அடிக்கடி கேட்கலாம். ஆனால் பலரைச் சேர்த்துக் கூப்பிடும்போதும் "வாங்கப்பா, சாப்பிடப் போலாம்" என்றுதான் சொல்வார்கள். அங்கே உள்ள 'ங்க' பன்மைக்காக வந்தது.

மா: யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது

'அம்மா'விலிருந்து வந்தது மா. வாம்மா, சொல்லும்மா, இல்லம்மா. இதில் இரண்டு மா இருப்பதாக நினைத்துக்கொண்டால் எளிது.

ஒன்று மேல்நோக்கிய மா. வயதான பெண்ணிடம் "வாங்கம்மா, உட்காருங்கம்மா" என்பது. இதில் 'ங்க' கட்டாயம் இருக்கும். துணிக்கடை விற்பனையாளர் எந்த வயதுப் பெண் வந்தாலும் "சொல்லுங்கம்மா" என்பதும் இந்த வகைதான்.

இன்னொன்று கீழ்நோக்கிய மா. 'ங்க' இல்லாத "வாம்மா", "என்னம்மா வேணும்?". மூத்தவர் இளம்பெண்ணிடம், அப்பா மகளிடம், கணவன் மனைவியிடம் சொல்வது. பாசமாகச் சொன்னால் இதைவிட இதமான ஒட்டு இல்லை. தாய்மார் ஆண் குழந்தையையே "சாப்பிடும்மா கண்ணா" என்று கொஞ்சுவதுண்டு.

ஆனால் இதே மா உறுத்துகிற இடமும் இருக்கிறது. அலுவலகக் கூட்டத்தில் ஒரு பெண் தன் கருத்தைச் சொல்கிறார். சம வயதுள்ள ஆண் ஒருவர், "அது அப்படி இல்லம்மா, நான் சொல்றதைக் கேளும்மா" என்கிறார். சொற்களில் குற்றம் ஏதும் இல்லை. என்றாலும் அந்த மா அவரைச் சின்னப் பெண்ணாக்கிவிடுகிறது. இதே ஆண் மற்றோர் ஆணிடம் அப்படிப் பேசியிருக்க மாட்டார். ஆகவே ஆண்களுக்கு ஒன்று சொல்வேன்: கூட வேலை செய்யும் பெண்ணிடம் மாவை நீங்களாகத் தொடங்காதீர்கள். 'ங்க' போதும், அல்லது பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

மாவில் காதை ஏமாற்றும் இடங்கள் உண்டு. "பஸ் வருமா?" என்பது கேள்வி. "பஸ் வரும்மா" என்பது பதில், கேட்டது ஒரு பெண். வித்தியாசம் ஒரே ஒரு ம் இரட்டிப்பதில்தான் இருக்கிறது. "போலாமா?", "போலாம்மா" என்ற இணையும் அப்படியே. வாயால் சொல்லிப் பாருங்கள், இரட்டித்த ம்மில் உதடு ஒரு கணம் கூடுதலாக மூடியிருக்கும். அப்புறம் "என்னமா பாடுறா!" என்று ஒரு வியப்பு இருக்கிறது. அது 'என்னமாய்ப் பாடுகிறாள்', அதாவது எவ்வளவு அருமையாகப் பாடுகிறாள் என்பது. அங்கே யாரையும் அம்மா என்று கூப்பிடவில்லை.

டா, டி: நீங்கள் தொடங்க வேண்டாம்

'அடா', 'அடி' என்ற பழைய விளிகளின் சுருக்கம் இவை. ஆணுக்கு டா, பெண்ணுக்கு டி. "வாடா", "சொல்லுடி", "ஆமாடா". ன்னுக்குப் பின் வந்தால் அது ண் ஆகும்: "வந்துட்டேண்டா".

தமிழில் ஒரே சொல் இவ்வளவு அன்பையும் இவ்வளவு அவமானத்தையும் சுமப்பது அரிது. "அவங்க ரெண்டு பேரும் வாடா போடான்னு பேசிக்குவாங்க" என்றால், நெருங்கிய நண்பர்கள் என்று பொருள். "வயசானவரைப் போய் வாடா போடான்னு பேசிட்டான்" என்றால், பெரிய அவமரியாதை நடந்துவிட்டது என்று பொருள். இரண்டிலும் அதே இரண்டு சொற்கள்தான்.

இதைப் பிரித்தறிய ஒரு சோதனை இருக்கிறது. டா இரு பக்கமும் போய் வருகிறதா என்று பாருங்கள். அவன் இவனை டா என்கிறான், இவனும் அவனைத் தயங்காமல் டா என்கிறான் என்றால் அது நட்பு. ஒரு பக்கம் மட்டும் டா போய், மறு பக்கத்திலிருந்து 'ங்க' வந்தால், அங்கே இருப்பது படிநிலை. பெற்றோர்-பிள்ளை, அண்ணன்-தம்பி என்ற இடங்களில் அந்தப் படிநிலை இயல்பாக இருக்கலாம். முதலாளி-வேலைக்காரர், காவலர்-சாமானியர் என்ற இடங்களில் அது வேறு.

சாதி இருக்கும் இடத்தில் டா இன்னும் கொடியதாகிறது. கிராமங்களில் ஆதிக்கச் சாதிச் சிறுவன்கூட, ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த தன் தாத்தா வயதுக்காரரை 'வாடா' என்று கூப்பிட்ட வழக்கம் நீண்ட காலம் இருந்தது. அது முற்றிலும் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. ஒருவரின் குடும்பம் அந்த டாவைத் தலைமுறையாகக் கேட்டு வந்திருக்கலாம். நீங்கள் விளையாட்டாகச் சொல்லும் டா அவர் காதில் விளையாட்டாக விழாது. முன்பின் தெரியாதவரிடம் டா கூடவே கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கு இதுதான் முதல் காரணம்.

டியும் இதேபோல இரண்டு முகம் கொண்டது. பெண் தோழிகளுக்கு நடுவில் அது டாவைப் போலவே நெருக்கம். பழைய குடும்பங்களில் கணவன் மனைவியை "என்னடி" என்பான், மனைவி "என்னங்க" என்பாள். இரு பக்கச் சோதனையை இங்கேயும் வைத்துப் பாருங்கள், பதில் தெரிந்துவிடும். இன்றைய இளம் தம்பதிகள் பலர் இருவருமே டா, டி என்று பேசிக்கொள்கிறார்கள், அது வேறு சங்கதி. ஆண் ஒருவர் குடும்பத்தினரோ தோழியோ அல்லாத பெண்ணை டி என்றால் அது வசைதான், வேறு விளக்கம் கிடையாது.

இன்னொரு வழக்கம் புதியவர்களைக் குழப்பும். பெண் குழந்தையை அப்பா "சாப்பிட்டியாடா செல்லம்?" என்பார். தோழிகள்கூட, ஒருத்தி அழுதுகொண்டிருந்தால், "அழாதடா" என்று தேற்றுவார்கள். பெண்ணிடம் வரும் இந்த டா கொஞ்சலுக்கு உரியது. அதில் பால் குழப்பமோ அவமரியாதையோ இல்லை. 'அடடா!' என்பதும் யாரையும் கூப்பிடும் சொல் அல்ல. பெரியவர் எதிரிலும் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் "என்னடா இது!" என்று உங்களுக்குள் முணுமுணுப்பதாக இருந்தால், பெரியவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லாதீர்கள்.

டா, டி இருந்தால் மரியாதைக்கான 'ங்க'வுக்கு அங்கே இடமில்லை. அதனால்தான் "வாங்கடா", "வாங்கடி" என்பதில் வரும் 'ங்க' எப்போதும் பலரைக் குறிக்கும். ஒருவரைப் பார்த்து "வாங்கடா" என்று எந்தத் தமிழரும் சொல்ல மாட்டார்.

ல: ஒரே எழுத்து, பல வேலைகள்

இந்த ஒட்டில்தான் வெளியூரில் வளர்ந்தவர்கள் அதிகம் திணறுகிறார்கள். காரணம், பேச்சுத் தமிழில் ல என்ற ஒலியோடு முடியும் சொற்கள் ஏராளம். ஒரே வாக்கியத்தை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம்:

"வீட்ல சாவி இல்லன்னு சொன்னேன்ல, அப்புறம் ஏன் பையில தேடல?"

'வீட்ல', 'பையில' என்பவை இடம்: வீட்டில், பையில். 'இல்ல' என்பது இல்லை. 'தேடல' என்பது தேடவில்லை. நடுவில் வரும் 'சொன்னேன்ல' மட்டும்தான் நாம் தேடும் ஒட்டு. 'சொன்னேன் இல்ல?' என்பது சுருங்கி அப்படி ஆனது, எழுத்துத் தமிழில் 'சொன்னேன் அல்லவா'.

வினைச்சொல்லோடு ல வந்தால் பிரித்தறிய வழி இதுதான். லவுக்கு முன்னால் இருப்பதை மட்டும் தனியாகச் சொல்லிப் பாருங்கள். 'சொன்னேன்' என்பது முடிந்த வினை, தனியாக நிற்கும். அப்படியானால் ல உறுதி கேட்கும் ஒட்டு. 'தேட' என்பது தனியாக நிற்காது. அப்படியானால் ல மறுப்பு. ஆகவே "வந்தான்ல" என்றால் வந்துவிட்டான், "வரல" என்றால் வரவில்லை. இதைப் பிடித்துக்கொள்ளாதவர்கள் "பணம் கட்டினேன்ல" என்று கேட்டதும் பணம் கட்டவில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

தொனி முழுவதும் குரலில்தான் இருக்கிறது. குரல் கடைசியில் ஏறினால் அது உண்மையான கேள்வி: "நாளைக்கு லீவுல்ல?", "நீங்க வருவீங்கல்ல?". கேட்பவருக்குப் பெரும்பாலும் பதில் தெரியும், ஒரு 'ஆமா' மட்டும் வேண்டும். குரல் இறங்கி, வினைச்சொல்லில் அழுத்தம் விழுந்தால் அது இடித்துரைப்பு: "சொன்னேன்ல!" 'நான் அப்பவே சொன்னேன், நீ கேட்கவில்லை' என்ற முழு வாக்கியமும் அந்த ஓர் எழுத்தில் அடங்கியிருக்கும். "ஆமால்ல!" என்று ஒன்று இருக்கிறது. மறந்துபோன ஒன்றை மற்றவர் நினைவுபடுத்தும்போது, 'அட, ஆமாம்' என்று ஒப்புக்கொள்வது. "நல்லா இருக்குல்ல?" என்பது ரசனையைப் பகிர்ந்துகொள்ள அழைப்பது.

இடித்துரைப்பாகக் கேட்கக்கூடும் என்பதால், மேலதிகாரியிடம் "அனுப்பிட்டேன்ல சார்" என்று சொல்லாதீர்கள். 'சார்' இருந்தும் அது காரமாகவே கேட்கும். "காலையிலேயே அனுப்பிட்டேன் சார்" என்று சொல்லிவிடுங்கள். சொல்ல வந்தது குறையாது.

ஒட்டுகள் சேரும் வரிசை

இரண்டு மூன்று ஒட்டுகள் ஒன்றாக வரும்போது வரிசை மாறாது. முதலில் 'ங்க', அடுத்து 'ல', கடைசியில் கூப்பிடும் ஒட்டான டா, டி, பா, மா. "சொன்னேன்லடா", "வருவீங்கல்லம்மா". "சொன்னேன்டால" என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். கூப்பிடும் ஒட்டுகள் நான்கில் ஒரு சொல்லுக்குப் பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு வாக்கியத்தில் எல்லாச் சொல்லிலும் ஒட்டைப் போடவும் தேவையில்லை. "டேய், இங்க வாடா, இதைப் பாருடா, என்னடா இது" என்று அடுக்குவது அவசரத்திலோ கோபத்திலோதான். சாதாரணப் பேச்சில் வாக்கியத்துக்கு ஒன்று போதும், அதுவும் எல்லா வாக்கியத்திலும் வேண்டாம்.

ஒரு நாளில் இது எப்படி நடக்கும்?

புனேயில் வளர்ந்த இருபத்தாறு வயதுப் பெண் ஒருவர் சென்னை அலுவலகத்தில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாசலில் காவலாளி, "யாரைப் பார்க்கணும்மா?" என்கிறார். அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல், ஆகவே அந்த மா இயல்பானது. பதில்: "இன்னைக்கு ஜாயின் பண்றேங்கண்ணா." இங்கே 'ங்க'வும் அண்ணாவும் சேர்ந்து ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன.

குழுத் தலைவி நாற்பதுகளில் இருப்பவர். "வாம்மா, உட்காரு. வீடு கிடைச்சிடுச்சுல்ல?" என்கிறார். மா பரிவு, ல குரல் ஏறிய கேள்வி. "கிடைச்சிடுச்சு மேடம்" என்றால் போதும். அவர் 'வாம்மா' என்றார் என்பதற்காக இவர் "சரிம்மா" என்று திருப்பிச் சொல்லக் கூடாது. மேலிருந்து வரும் ஒட்டு அப்படியே மேலே திரும்பிப் போகாது.

பக்கத்து மேசைத் தோழி, அதே வயது. முதலில் "நீங்க எந்த ஊரு?" என்று கேட்டவர், சாப்பாட்டு நேரத்தில் "வாங்கப்பா, சாப்பிடலாம்" என்கிறார். அவர் அரைப்படி இறங்கிவிட்டார். இவரும் "இதோ வரேன்பா" என்று சொல்லலாம். சில வாரங்கள் போகும். ஒரு நாள் "ஏய், சாப்பிட்டியா?" என்று வரும், பிறகு எப்போதோ "என்னடி ஆச்சு?" என்று வரும். ஒவ்வொரு படியிலும் எதிராளி இறங்கிய பிறகு நீங்களும் இறங்குங்கள், அவரைவிட ஒரு படி கீழே போகாதீர்கள். டி வந்த பிறகும் 'ங்க'விலேயே நின்றால், அவர் நீட்டிய கையை விலக்கியது போல ஆகிவிடும். அதையும் கவனியுங்கள்.

அதே குழுவில் இரண்டு ஆண்கள் ஒருவரையொருவர் டா போட்டுக்கொள்கிறார்கள். அது அவர்கள் இருவருக்கும் உள்ளது. கேட்டுப் பழகலாம், எடுத்து உபயோகிக்க முடியாது.

ஊர் மாறினால்

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் போனால் டாவின் இடத்தில் 'லே' நிற்கும்: "ஏலே", "வாலே", "என்னலே". பெண்ணுக்கு "ஏட்டி". டாவுக்கு உள்ள எல்லா எச்சரிக்கையும் இதற்கும் உண்டு. நெல்லை நண்பரிடம் வேடிக்கைக்காக 'வாலே' என்று தொடங்காதீர்கள், அவர் சொல்லும் வரை காத்திருங்கள். அதே பகுதியில் "சொன்னேம்லா", "வந்தாம்லா" என்று கேட்டால் அந்த லா வேறு, நாம் மேலே பார்த்த 'அல்லவா'தான் அது. கோயம்புத்தூர்ப் பக்கம் 'ங்க' இன்னும் தாராளமாகப் புழங்கும், சின்னப் பிள்ளையிடம்கூட "சொல்லுங்க கண்ணு" என்று கேட்கலாம். அங்கே போனால் உங்கள் 'ங்க'வை இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத் தமிழில் உறுதி கேட்க 'எல்லோ' வரும். மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்கள் சொல்லும் "சரி லா", "முடியாது லா" என்பது இவற்றில் எதுவும் இல்லை. அது அந்த ஊர் மலாய்க்காரர்களும் சீனர்களும் பொதுவாகச் சொல்லும் லா, தமிழிலும் கலந்துவிட்டது. ஆண் பெண் வேறுபாடு அதற்குக் கிடையாது. நண்பர்களிடம் பேச்சை இலகுவாக்கும், சில நேரம் 'அவ்வளவுதான், பேச்சு முடிந்தது' என்ற உறுதியைத் தரும். சென்னையில் அதைச் சொன்னால் அந்த ஊரிலிருந்து வந்தவர் என்று கண்டுகொள்வார்கள்.

தவறிவிட்டால்

தவறியதை எதிராளியின் அடுத்த வாக்கியத்தில் கண்டுபிடிக்கலாம். அதுவரை 'வா, போ' என்று இருந்தவர் திடீரென்று "சரிங்க, நீங்க சொல்லுங்க" என்று 'ங்க'வுக்கு ஏறினால், உங்கள் ஒட்டு அவரைத் தொட்டிருக்கிறது. பேச்சு ஒற்றைச் சொல்லாகச் சுருங்குவதும் அதற்கான அடையாளம். வயதானவர் "யாருப்பா நீ?" என்று கேட்டால், அவர் உங்கள் பெயரைக் கேட்கவில்லை.

உடனே 'ங்க'வுக்குத் திரும்பிவிடுங்கள். "தப்பா எடுத்துக்காதீங்க, நான் வெளியூர்ல வளர்ந்தேன், பேசிப் பழக்கமில்லைங்க" என்று ஒரு வரி சொன்னால் பெரும்பாலோர் அங்கேயே விட்டுவிடுவார்கள். பெரியவர்களாக இருந்தால் எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவர்களே சொல்லியும் தருவார்கள். விளையாட்டுக்குச் சொன்னேன் என்று மட்டும் விளக்காதீர்கள். டா சொல்லிவிட்டு அப்படி விளக்கினால், அவர் வருத்தப்பட்டதே தவறு என்று சொல்வது போல ஆகும். அடுத்த முறை பார்க்கும்போது நீங்களே முந்திக்கொண்டு "வணக்கம்ண்ணா, நல்லா இருக்கீங்களா?" என்று கேளுங்கள்.